கௌட் மூட்டுவாதம்: உணவு மதிப்பீடு

கௌட் நோயாளியின் பியூரின் உணவு, மது, உடல் எடை ஆகியவற்றை இரத்த யூரிக் அமிலத்தின் போக்கோடு சேர்த்து ஆராய்வதே இம்மதிப்பீடு.

45 வயது ஆண் ஒருவர் கால் பெருவிரல் வீங்கி வருகிறார் என்று கொள்வோம். அன்று யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.4 மில்லிகிராம். இதை வைத்து நோயில்லை என்று சொல்லிவிடக் கூடாது; வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு தற்காலிகமாக இறங்குவதுண்டு. வீக்கம் வடிந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் பார்த்தால் 8.6.

அடுத்து ஒரு வாரச் சாப்பாட்டுக் கணக்கு. ஈரல், மத்தி, நெத்திலி, ஆட்டிறைச்சி எத்தனை முறை? பருப்பையும் கீரையையும் பலர் வீணாக விலக்குகிறார்கள். ஹயான் சோய் குழு அமெரிக்க ஆண்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவில், இறைச்சியும் கடலுணவும் ஆபத்தைக் கூட்டின. பியூரின் மிகுந்த காய்கறிகள் கூட்டவில்லை. மதுவில் பீரே மிக மோசம்.

எடை 88 கிலோ, உயரம் 170 செ.மீ.; உடல் நிறை எண் 30. எடையை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். பட்டினி கிடந்தால் உருவாகும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுத்து, வலியைத் தூண்டும்.

உணவு மாற்றம் மட்டும் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவுக்கே குறைக்கும். இலக்கு 6க்குக் கீழே என்பதால் இவருக்கு மருந்தும் தேவைப்படலாம்.