செயல்விளக்கமும் இரண்டாம் பாக்கெட்டும்: நீர்த் தூய்மைத் தூளின் கிராமச் சந்தை குறித்து ஓர் ஆய்வு

வீட்டுப் பயன்பாட்டுக்குரிய மலிவு விலைப் பொருள் ஒன்றைக் கிராமங்களில் பரப்ப முற்படும் நிறுவனங்கள் பொதுவாக இரண்டு வழிகளைச் சேர்த்தே கையாள்கின்றன. ஊர்க்கூட்டத்தின் நடுவில் பொருளை இயக்கிக் காட்டும் செயல்விளக்கம் ஒன்று. அதே ஊரின் பெட்டிக்கடையிலும் சிறு மளிகைக்கடையிலும் பொருளை எப்போதும் கிடைக்கச் செய்யும் விநியோகம் மற்றொன்று. முன்னது ஆவலைத் தூண்டும், பின்னது அந்த ஆவலை விற்பனையாக மாற்றும் என்பது விற்பனைத் துறையினரின் வழக்கமான எண்ணம். ஆனால் செயல்விளக்கம் விற்றுத் தருவது முதல் பாக்கெட்டை மட்டுமே. கடைக்காரர் அப்பொருளைத் தொடர்ந்து வாங்கி வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இரண்டாவது பாக்கெட்டும் அதற்குப் பின் வருவனவுமே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைச் செயல்விளக்கத்தின் வெற்றியே மறைத்துவிடக்கூடும் என்பது இக்கட்டுரையின் வாதம். புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களுடன் இணைந்து உருவாக்கிய 'ப்யூர்' என்னும் நீர்த் தூய்மைத் தூளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகிறது.

இத்தூள் ஏறத்தாழ நான்கு கிராம் எடையுள்ள சிறு பாக்கெட்டில் வருவது. ஒரு பாக்கெட் பத்து லிட்டர் நீருக்குப் போதுமானது. இதில் உள்ள இரும்பு சல்பேட், நீரில் மிதக்கும் மண்துகள்களையும் அவற்றோடு ஒட்டிய கிருமிகளையும் ஒன்றுசேர்த்துத் திரளாக்கி அடியில் படியச் செய்கிறது. உடன் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட், குளோரினை வெளியிட்டு எஞ்சிய கிருமிகளைக் கொல்கிறது. பயன்படுத்தும் முறை இது: ஒரு வாளியில் பத்து லிட்டர் நீரை எடுத்துத் தூளைக் கொட்டி ஐந்து நிமிடம் விடாமல் கலக்க வேண்டும், ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துத் திரளைப் படியவிட வேண்டும், தெளிந்த நீரைப் பருத்தித் துணி வழியாக வேறொரு பாத்திரத்தில் வடிகட்ட வேண்டும், பின்னர் குளோரின் வேலை செய்து முடிக்க இருபது நிமிடம் காத்திருந்து, அதன்பிறகே பருக வேண்டும்.

செயல்விளக்கத்துக்கென்றே வடிவமைத்தது போன்ற பொருள் இது. குளத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ எல்லாரும் பார்க்க மொண்டு வந்த செம்மண் நிற நீர், கலக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் பஞ்சுப் பிசிறு போன்ற திரள்களாகப் பிரிகிறது. கலக்குவதை நிறுத்தியதும் திரள்கள் கீழே இறங்க, வாளியின் அடி தெரிகிறது. பேச்சால் உணர்த்த இயலாத கிருமி என்னும் செய்தியைக் கண்ணுக்குத் தெரியும் கலங்கல் ஏற்றுக்கொண்டு பேசுகிறது. அத்தெளிந்த நீரை நிகழ்ச்சி நடத்துபவர் எல்லார் முன்னும் குடித்துக் காட்டினால் ஐயமும் நீங்குகிறது. எனினும் இக்காட்சி நடப்பதைவிடக் கூடுதலான ஒன்றைச் சொல்கிறது. நீர் தெளிவதும் நீர் பாதுகாப்பாவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. குளோரின் செயல்படும் இருபது நிமிடத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அந்த இடைவெளியைப் பேச்சாலோ பாட்டாலோ நிகழ்ச்சி நடத்துபவர் நிரப்பிவிடுவதால், கூட்டத்துக்கு அது ஒரு வேலையாகவே தோன்றுவதில்லை. வீட்டிலோ இரண்டு பாத்திரம், சுத்தமான துணி, கலக்கும் அகப்பை, திரண்ட கசடைக் குழந்தைகள் கைபடாத இடத்தில் கொட்டுதல், அரைமணி நேரக் கவனம் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. அதுவும் ஒருநாள் அல்ல, நாள்தோறும். மழைக்காலம் முடிந்து கிணற்று நீர் இயல்பாகவே தெளிந்திருக்கும் மாதங்களில், அவ்வளவு வேலைக்குப் பின்னும் நீர் முன்பிருந்தது போலவே தோன்றும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இந்த இடைவெளியின் அளவைக் காட்டும் சான்று குவாத்தமாலா நாட்டின் கிராமப்புறத்திலிருந்து கிடைக்கிறது. அங்கு 514 குடும்பங்களை இரு சமபாதியாகப் பிரித்து நடந்த சோதனையில், தூளைப் பெற்ற 257 குடும்பங்களில் வயிற்றுப்போக்கு மற்றக் குடும்பங்களைவிட 39 விழுக்காடு குறைந்தது. சோதனை முடிந்த மூன்று வாரங்களில் அதே ஊர்களுக்கு நாடு தழுவிய வணிக விற்பனை விரிவாக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து அக்குடும்பங்களைத் தேடிச்சென்ற ஆய்வாளர்களுக்கு 462 குடும்பங்கள் விடையளித்தன. அவற்றில், முந்தைய இரண்டு வாரத்துக்குள் தூளை வாங்கியும் கடந்த ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தியும் இருந்தவை 22 மட்டுமே. அதாவது நூற்றுக்கு ஐந்து. 2008இல் வெளியான இவ்வாய்வின் மிக முக்கியமான செய்தி அந்த ஐந்து விழுக்காட்டிலும் இல்லை. சோதனைக் காலத்தில் தூளை இலவசமாகப் பெற்று அதன் பயனை அடைந்த குடும்பங்கள், அதனைப் பெறாத குடும்பங்களைவிடக் கூடுதலாக வாங்கவில்லை என்பதே அது. சலவை சோப்பு, பற்பசை, கைகழுவும் சோப்பு ஆகியவற்றுக்குச் செலவழிக்கும் பழக்கமும் வாங்குவதோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. எனவே, மக்களுக்குப் பொருளைப் பற்றித் தெரியவில்லை, தெரிந்தால் வாங்குவார்கள் என்னும் விளக்கம் இங்கே நிற்காது. ஒரு மணிநேரச் செயல்விளக்கம் செய்யக்கூடியதைக் காட்டிலும் பன்மடங்கு அறிமுகம் அக்குடும்பங்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது.

விலைதான் தடை என்று ஒருவர் கூறலாம். அதில் உண்மையும் உண்டு. ஒரு பாக்கெட் பொதுவாகப் பத்து அமெரிக்க சென்ட் அளவில் விற்கப்பட்டது. நாளொன்றுக்கு இருபது லிட்டர் குடிநீர் தேவைப்படும் குடும்பம் மாதத்துக்கு ஆறு டாலர் செலவிட நேரும். சிறு பாக்கெட்டின் விலை குறைவு என்பது உண்மையில் ஒருமுறை வாங்கும் விலை குறைவு என்பதே. நாள்தோறும் தீரும் பொருளில் அது மாதக் கணக்கில் மலிவாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் விலை மட்டுமே காரணம் என்று கொள்ளவும் இயலாது. கென்யாவில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் போதுமான குளோரின் கரைசல் பாட்டில் முப்பது சென்ட் அளவில் கடைகளில் கிடைத்தபோதும், அதனை வாங்கிப் பயன்படுத்திய குடும்பங்கள் பத்து விழுக்காட்டை எட்டவில்லை.

இனிக் கடைக்காரரின் பக்கத்திலிருந்து இதே கணக்கைப் பார்க்க வேண்டும். விற்பனைத் திட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் பக்கம் இது. நூறு வீடுகள் உள்ள சிற்றூரில் குவாத்தமாலாவின் விகிதமே நிலவுகிறது என்று கொள்வோம். ஐந்து வீடுகள் தூளை வாங்கும். வீட்டுக்கு இரண்டு வாரத்தில் நான்கு பாக்கெட் என வைத்தால் இருபது பாக்கெட் விற்கும். வரவு இரண்டு டாலர். கடைக்காரருக்கு நூற்றுக்குப் பதினைந்து லாபம் என்றால் முப்பது சென்ட். அதே முதலைத் தீப்பெட்டியிலோ சோப்பிலோ போட்டால் அது இரண்டு வாரத்தில் பலமுறை புரண்டு வந்திருக்கும். சரக்குப் போட வரும் விநியோகஸ்தரின் வண்டிக்கும் இருபது பாக்கெட்டுக்காக அந்தச் சிற்றூருக்குத் திரும்புவது கட்டாது. ஆகவே கடைக்காரர் முதல் அட்டை தீர்ந்ததும் அடுத்ததைக் கேட்பதில்லை; வண்டியும் வருவதில்லை; விடாமல் வாங்கிவந்த அந்த ஐந்து வீடுகளும் பொருள் கிடைக்காமல் பழக்கத்தை விட்டுவிடுகின்றன. ஆர்வம் குறைந்ததால் கடையில் பொருள் இல்லாமற் போயிற்றா, கடையில் இல்லாததால் ஆர்வம் குறைந்ததா என்பது பின்னர் கேட்பவருக்குப் பிரித்தறிய முடியாததாகிறது.

இதே இரு வழிகளும் வெற்றி பெற்ற நிகழ்வு தமிழ்நாட்டிலேயே உண்டு. கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கி, பின்னாளில் கெவின்கேர் என்று பெயர் பெற்ற நிறுவனம், சிக் ஷாம்புவைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றபோது, சிறுவர்களின் தலையைக் கூட்டத்தின் முன் அலசிக் காட்டி, உலர்ந்த முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னது. ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு இடையே விளம்பரம் காட்டி இலவசப் பாக்கெட்டுகளும் வழங்கியது. ஆனால் இவற்றோடு நின்றுவிடாமல், பயன்படுத்திய காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் புதிய பாக்கெட் ஒன்று இலவசம் என்னும் திட்டத்தையும் முதலில் எல்லா நிறுவனப் பாக்கெட்டுகளுக்கும் பின்னர் சிக் பாக்கெட்டுக்கு மட்டுமாகவும் அது நடைமுறைப்படுத்தியது. செயல்விளக்கத்தைவிட இத்திட்டமே நுட்பமானது என்று சொல்லத் தோன்றுகிறது; ஏனெனில் இது வாடிக்கையாளரை மீண்டும் அதே கடைப்படிக்கு வரவழைத்தது, சரத்தில் தொங்கும் பாக்கெட் தானாக நகரும் என்பதைக் கடைக்காரருக்கும் காட்டியது.

இவ்விரு பொருள்களும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல என்பதும் உண்மையே. தலை முழுகுவது தமிழ்க் குடும்பங்களில் வாரந்தோறும் நடந்துவந்த வேலை. சீயக்காயை இடித்துச் சலித்துக் கரைத்துத் தேய்க்கும் உழைப்பை ஷாம்பு குறைத்தது. நீர்த் தூளோ இல்லாத வேலையைப் புதிதாகச் சேர்த்தது. கூட்டத்தில் கண்ட அதே பயனை, அதே மணத்தை, வாங்கியவர் தம் தலையிலேயே அன்றே உணர்ந்தார். தூளின் பயனோ வராமற்போன வயிற்றுப்போக்கு. வராத நோயை எவரும் கண்ணால் காண்பதில்லை. செயல்விளக்க மேடையில் காண்பதை வாங்குபவர் தனியாக, துணையின்றி, தம் வீட்டில் மீண்டும் காண முடியுமா என்பதே இவ்வகைப் பொருள்களைப் பிரிக்கும் கோடு.

நடைமுறையில் தோல்வியை முன்கூட்டியே அறிய வழி உண்டு. நிறுவனங்கள் பெரும்பாலும் கணக்கிடுவது விநியோகஸ்தரிடமிருந்து கடைக்குச் சென்ற சரக்கையே. கடையிலிருந்து வீட்டுக்குச் சென்ற சரக்கை அன்று. செயல்விளக்கம் நடந்த மாதத்தில் முதல் எண் உயரும், ஏனெனில் ஒவ்வொரு கடையிலும் புதிதாகச் சரக்கு இறங்குகிறது. அவ்வுயர்வு வெற்றி எனப் பதிவாகி, அடுத்த ஊரில் அடுத்த நிகழ்ச்சிக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. நிகழ்ச்சி முடிந்த ஆறாவது வாரத்தில் அதே கடைக்குச் சென்று, மறுமுறை சரக்கு கேட்டாரா, தொங்கும் பாக்கெட்டுகளின் மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது, வாங்கிய வீடுகள் எத்தனை என்று பார்த்தால், ஓராண்டு விற்பனை அறிக்கை சொல்லாததை ஒரு பிற்பகலில் அறியலாம். புதிய ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போகும் வரை மொத்த விற்பனை வளர்வது போலவே தோன்றும். நிகழ்ச்சிகளை நிறுத்திய மாதத்தில்தான் உண்மை தெரியும்.

நான்கு நாடுகளில் சோதனை விற்பனை செய்து, பத்து மில்லியன் டாலருக்கு மேல் செலவிட்ட பின்னர், புராக்டர் அண்ட் கேம்பிள் இத்தூளை லாப வணிகமாக நடத்துவதைக் கைவிட்டு, தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் பேரிடர் உதவியாகவும் வழங்கத் தொடங்கியது. அங்கே அது நன்கு பயன்படுகிறது, ஏனெனில் அங்கே இரண்டாவது பாக்கெட்டை எவரும் கடையில் வாங்க வேண்டியதில்லை. கென்யாவில் குளோரினைக் கடையிலிருந்து எடுத்து நீர் மொள்ளும் இடத்திலேயே இலவசக் குழாய்ப் பெட்டியாகப் பொருத்தியபோது, பயன்படுத்திய குடும்பங்கள் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு உயர்ந்தன. குடத்தை நிரப்பும்போதே ஒரு திருகில் மருந்து விழுந்துவிடுவதும், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பதும் அதற்குத் துணைநின்றன. ஆகவே கிராமச் சந்தையை ஆராய்வோர், செயல்விளக்கத்துக்கு எத்தனை பேர் கூடினர் என்ற எண்ணை விடுத்து, ஆறு மாதம் கழித்து எத்தனை வீடுகள் தாமாகவே கடைக்கு வந்தன என்ற எண்ணை முதலில் வெளியிட வேண்டும். அந்த எண் ஐந்து விழுக்காடாக இருப்பின், அப்பொருளுக்கு உரிய இடம் பெட்டிக்கடை அல்ல.