மரியன்தாலும் சிவகாசியும்: உட்கார்ந்துவிட்ட கணவன், ஓடும் மனைவி

தீபாவளி கழிந்த மறுவாரம் சிவகாசியில் ஓர் ஆள் பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. பட்டாசு ஆலைகள் அடைத்திருக்கும். மழைக்காலத்தில் மருந்து காயாது. மறுபடி பூஜை போட்டுத் திறக்கும் வரை ஓய்வுதான். இங்கே சும்மா இருப்பதற்கும் ஒரு பருவம் உண்டு. அதனால் கணவனுக்கு ஆசை அற்றுப்போய்விட்டது என்பது மனைவிக்கு உடனே தெரிவதில்லை. பக்கத்து வீட்டு ஆள்கள் பயர் ஆபீஸ் வண்டியில் ஏறிப் போய் ஒரு மாதம் ஆன பிறகும் இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை என்றால்தான் சந்தேகமே வரும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, ஐரோப்பாவில் நடந்த ஒரு பழைய ஆய்வைச் சிவகாசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே மரியன்தால் என்றொரு சிற்றூர். சிவகாசிக்குப் பட்டாசு போல அதற்கு ஒரு பஞ்சாலை. 1930-க்குள் ஆலை முழுக்க மூடப்பட்டது. ஊரிலிருந்த 478 குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சமயத்தில் வேலை போனது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோரின் குழு அங்கே போய் மக்களுடன் பழகி, 1933-இல் நூலாக வெளியிட்டது.

வேலை இல்லாதவன் கோபப்படுவான், புரட்சி செய்வான் என்று அன்று பலர் நினைத்தார்கள். குழு கண்டது வேறு. ஆண்கள் அசந்து போயிருந்தார்கள். நேரம் தாராளமாகக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. தெருவில் நடப்பவர்களை ஒரு ஜன்னல் வழியே கவனித்தபோது, ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சிறு தூரத்துக்குள் குறைந்தது இரண்டு முறை நின்றார்கள். பெண்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் அப்படி. முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால், பிள்ளைகளை எழுப்பியது, மதியம் சாப்பிட்டது, படுத்தது என்பதைத் தாண்டி ஆண்களுக்கு அதிகம் நினைவுக்கு வரவில்லை. பெண்களின் தாளில் இடம் போதவில்லை. அவர்களுக்கும் ஆலை வேலை போனதுதான். ஆனால் அடுப்பும் துவையலும் பழைய துணியைப் பிள்ளைக்கு வெட்டித் தைப்பதும் போகவில்லை. ஒரு வேலையும் இல்லாத கணவன் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு வருவதில்லை என்று மனைவிமார் குறைப்பட்டார்கள்.

அங்கே ஒருவர் நூற்று முப்பது வேலை விண்ணப்பங்கள் எழுதியிருந்தார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அதன் பிறகு காலைச் சாப்பாடும் விறகும் மிச்சமாகட்டும் என்று முற்பகல் முழுக்கப் படுக்கையிலேயே கிடந்தார். இன்று அவரைப் பார்க்கிறவர் சோம்பேறி என்பார். சோம்பேறி நூற்று முப்பது விண்ணப்பம் எழுத மாட்டான்.

சிவகாசிக்கு வருவோம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. கம்பி மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் எல்லாவற்றுக்கும் பேரியம் நைட்ரேட்தான் அடிப்படை. அது இல்லாமல் எதைச் செய்வது என்று தீபாவளிக்குப் பின் ஆலைகள் திறக்கவே இல்லை. மாற்றுக் கலவை வந்து 2019 மார்ச்சில்தான் மெல்லத் திறக்க ஆரம்பித்தார்கள். அத்தனை மாதம் ஊரே மரியன்தால் போலத்தான் கிடந்தது.

ஆனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு. மரியன்தாலில் உதவித்தொகை வாங்குகிறவர் கைச்செலவுக்கு ஒரு சின்ன வேலை பார்த்தாலும் தொகை நின்றுவிடும். பால் ஊற்றப் போன ஒரு பெண்ணுக்கும், இசைக்கருவி வாசித்துச் சில்லறை வாங்கிய ஒருவருக்கும் அப்படி நின்றது. முயல்கிறவனைத் தண்டித்த ஏற்பாடு அது. சிவகாசியில் உதவித்தொகையும் இல்லை, தடையும் இல்லை. எந்த வேலைக்கும் போகலாம். அதனாலேயே உட்கார்ந்திருப்பவர் மேல் இங்கே தீர்ப்பு கடுமையாக விழுகிறது. ‘நூறு நாள் வேலைக்கு நான் போறேன், இவரு போனா என்ன?’ என்று மனைவி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பதில் ஒன்று இருக்கிறது என்றே நினைக்கிறேன். பட்டாசு வேலையில் குழாய் சுருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டி கட்டுவது பெரும்பாலும் பெண்கள் கையில். மருந்து கலப்பதும் செலுத்துவதும் பெரும்பாலும் ஆண்கள் கையில். பயர் ஆபீஸ் மூடினால் பெண்ணின் கைவேகம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும், அச்சகத்தில் பைண்டிங்குக்குப் போகும், காலண்டருக்குத் தகடு அடிக்கப் போகும். சிவகாசி அச்சுத் தொழில் அதற்கு இடம் கொடுக்கிறது. இருபது வருஷம் மருந்து கலந்தவரின் தேர்ச்சிக்கு மருந்து அறைக்கு வெளியே விலை கிடையாது. சல்லடையில் சலிக்கும்போது எது சூடேறுகிறது என்று விரலால் அறிந்தவர், கட்டட வேலைக்குப் போனால் சித்தாள் கூலிக்கு முதல் நாள் நிற்க வேண்டும். மனைவி ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார். கணவர் இருந்த இடத்திலிருந்து கீழே இறங்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒருவருக்கு ஊக்கம் உண்டு, மற்றவருக்கு இல்லை என்று தோன்றும்.

மரியன்தாலில் இல்லாத இன்னொன்றும் இங்கே உண்டு. அது பயம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடி விபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் நெருக்கடியாக ஆள் ஏற்றியது, உள்குத்தகை, அளவுக்கு மேல் மருந்து என்று ஒரே காரணங்கள் திரும்ப வருகின்றன. அவசரமும் கூடுதல் எண்ணிக்கையும்தான் அவற்றின் வேர். பீஸ் ரேட்டில் இன்னும் நூறு சேர்க்கலாம் என்கிற முனைப்பு இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும். அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் மருந்து அறைக்குப் போக மாட்டேன் என்றால், அதை ஊக்கக் குறைவு என்று கணக்கெழுதுவது அநியாயம். ஆனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பயம் என்று சொல்ல நம் ஆண்களுக்கு வராது. ‘உடம்பு சரியில்ல’ என்பார், ‘பாத்துக்கலாம்’ என்பார். மூன்றாவது மாதம் அதுவே சோம்பல் என்று பெயர் பெற்றுவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எதை விட்டார் என்பதைத்தான். மருந்து அறையை மட்டும் விட்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரிடம் பேசலாம் என்று யோசிக்கிறாரா? அப்படியானால் அவருக்கு ஆசை இருக்கிறது, வழி மூடியிருக்கிறது. எல்லாவற்றையும் விட்டு, பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிவந்தாலும் முகம் மாறவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மூன்றாவது வகையும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சிரித்து, இருப்பது போதும் என்று நிறைவாக இருப்பவர். அவர் எதையும் இழக்கவில்லை. மனைவி விரும்பும் தூரத்துக்கு அவர் என்றைக்குமே வரப்போகிறவர் அல்ல.

இந்த மூன்றில் எந்த வகைக் கணவரை மனைவியின் ஓட்டத்தோடு இணைக்க முடியும்? முதல் வகையைப் பெரும்பாலும் முடியும். ஆலை திறந்தபோது ஊரில் பலர் மறுபடி வண்டியேறியது அதற்குச் சான்று. இடைப்பட்ட மாதங்களில் குடும்பம் உடையாமல் இருந்ததா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் மிரா கொமரோவ்ஸ்கி 1935-36 குளிர்காலத்தில் வேலை இழந்த 59 குடும்பங்களை ஆராய்ந்தார். சம்பளம் போனதும் கணவனின் மதிப்பு எல்லா வீட்டிலும் சரியவில்லை. பெரும்பாலான வீடுகளில் நிலைத்தது. மனைவியின் மரியாதை முன்பே வருமானத்தை மட்டும் நம்பியிருந்த வீடுகளில்தான் எளிதில் சரிந்தது. மரியன்தால் குழுவும் ஏறக்குறைய இதையே கண்டது: நல்ல உறவு சில வீடுகளில் நெருங்கியது, ஏற்கெனவே விரிசல் விட்டது இன்னும் விரிந்தது. வேலையிழப்பு புதிதாக ஒன்றைக் கொண்டுவரவில்லை, இருந்ததைப் பெரிதாக்கியது.

மரியன்தால் ஆண்கள் செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நாள் முழுக்கச் சும்மா இருந்தும் விறகும் தண்ணீரும் தவிர வீட்டு வேலை எதையும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய நாளில் மணி இல்லாமல் போனதற்கு அதுவும் காரணம். சிவகாசியில் விடியலுக்கு முன் சமைத்து வைத்துவிட்டு வண்டிக்கு ஓடும் பெண்ணின் வீட்டில், காலைச் சமையலும் குழுக் கடன் தவணை கட்டப் போவதும் கணவரின் கைக்கு மாறினால் இரண்டு பலன். அவளுக்கு மூச்சு விடும் நேரம். அவருக்கு ‘ஆறு மணி’ என்று ஒரு மணி. மகளிர் குழுத் தவணைக்கு நாள் குறித்திருப்பதுதான் பல பெண்களை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கெடு உள்ளவன் எழுந்திருப்பான். ‘எதாச்சும் பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொல்வதில் கெடு இல்லை. அதில் குத்தல் மட்டும்தான் கேட்கும்.

மூன்றாவது வகையை மாற்ற முயல்வது வீண். போதும் என்பவரிடம் இன்னும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இருவரும் தேய்வார்கள். அங்கே கேட்க வேண்டியது ஆசையை அல்ல, பங்கை. அவர் ஓட வேண்டாம். ஆனால் அவள் ஓடும்போது வீட்டைத் தாங்க வேண்டும், அவள் ஓட்டத்தைக் கேலி செய்யக் கூடாது. அச்சகத்தில் சூப்பர்வைசர் ஆகவோ, தனியாக ஒரு பைண்டிங் யூனிட் போடவோ அவள் நினைத்தால், அதற்கு அவர் ‘எதுக்கு இந்த வயசுல’ என்றால் அதுதான் பிளவு. பங்கும் தரமாட்டார், வழியும் விடமாட்டார் என்றால் அதை இணைக்கும் பாலம் எதுவும் எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் அந்தப் பெண் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

டாஸ்மாக் நுழைந்த வீட்டுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை குடியை நிறுத்துவது. அதற்கும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வுக்கும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால், டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.