பிட்காயின் விலைத்தரவில் 20 நாள் பிரேக்அவுட் விதி: ஒதுக்கிவைத்த தரவு ஏன் போதாது

பிட்காயின் கடந்த 20 நாள்களின் உச்சத்தைத் தாண்டி முடிந்தால் வாங்க வேண்டும். கடந்த 10 நாள்களின் தாழ்வுக்குக் கீழே முடிந்தால் விற்றுவிட வேண்டும். இந்தப் பிரேக்அவுட் விதியைப் பழைய விலைத்தரவில் ஓட்டிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். வரும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கடினமான கேள்வி. தரவை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியில் நாள் எண்ணிக்கைகளைத் தேர்ந்தெடுத்து, ஒதுக்கிவைத்த பிற்பகுதியில் அவற்றைச் சோதிப்பது வழக்கமான காப்பு. கிரிப்டோ சந்தையில் அந்தக் காப்பு போதாது என்பதே என் வாதம்.

காரணம், ஒதுக்கிவைத்த பகுதியை ஆய்வாளர் ஏற்கெனவே அறிவார். பிட்காயின் 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கியதும், ஓராண்டில் 3,200 டாலர் அளவுக்கு இறங்கியதும், 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டி எழுந்ததும், அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்ததும் இத்துறையில் இருப்பவர் எவருக்கும் மனப்பாடம். ஏறினால் மாதக்கணக்கில் ஏறும், இறங்கினால் மாதக்கணக்கில் இறங்கும் என்ற அந்த நினைவே, போக்கைத் தொடரும் விதி ஒன்றைத் தேடிப் போகத் தூண்டுகிறது. கணினிக்கு 2022 புதிய தரவாக இருக்கலாம். விதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு அப்படி இல்லை.

இந்த ஆழமான சிக்கலுக்குப் போகுமுன், எளிதில் நேரும் ஒரு கணக்குப் பிழையை விலக்கிவிட வேண்டும். இன்றைய முடிவு விலை உச்சத்தைத் தாண்டியது என்பது இன்று முடிந்த பிறகே தெரியும். ஆகவே இன்றைய ஏற்றம் நம் கணக்கில் சேரக் கூடாது.

```python
up = high.rolling(20).max().shift(1)
dn = low.rolling(10).min().shift(1)
sig = pd.Series(np.nan, index=close.index)
sig[close > up] = 1
sig[close < dn] = 0
pos = sig.ffill().fillna(0).shift(1)
ret = pos * close.pct_change()
```

முதல் இரு வரிகளில் உள்ள `shift(1)` இன்றைய விலையை ஒப்பீட்டு எல்லையிலிருந்து நீக்குகிறது. `pos` வரியில் உள்ளது இன்றைய முடிவை நாளைய ஈட்டத்தோடு இணைக்கிறது. இரண்டாவதை மறந்தால் விளைவு மோசம். பிரேக்அவுட் நாள் என்பது பெரும்பாலும் விலை நன்றாக ஏறிய நாள். அந்த ஏற்றம் ஒவ்வொரு முறையும் இலவசமாகக் கணக்கில் ஏறும்; வெளியேறும் நாளின் வீழ்ச்சி ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து மறையும். மூலதன வரைகோடு ஏறக்குறைய வழுக்கலின்றி மேலே போனால் முதலில் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இனி மிகைப்பொருத்தம். ஒரு விதிக்கு உண்மையில் எந்தத் திறனும் இல்லை என்று கொள்வோம். ஆண்டு ஈட்டத்தை அதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்த ஷார்ப் விகிதம் அதற்குப் பூச்சியம். ஆனால் ஐந்தாண்டுத் தரவில் அளந்தால் அந்த விகிதம் தற்செயலாகவே ஏறத்தாழ 0.45 அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 5-இன் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்தால் வருவது அது. ஒன்றையொன்று சாராத 45 விதிகளைச் சோதித்தால், அவற்றில் மிகச் சிறந்தது சராசரியாக அந்த ஆட்டத்தைப்போல் சுமார் 2.2 மடங்கு மேலே நிற்கும். 0.45-ஐ 2.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1. பலரும் முதலீட்டுக்குத் தகுதி என்று கருதும் மதிப்பு, திறனே இல்லாத 45 விதிகளிலிருந்து கிடைத்துவிடுகிறது. பெய்லி, போர்வெய்ன், லோபஸ் டி பிராடோ, ஷூ ஆகிய நால்வரும் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ஐந்தாண்டுத் தரவுக்கு இதே 45-ஐ எல்லையாகக் காட்டினார்கள்.

நுழைவுக்கு 20 எண்கள், வெளியேற 15 எண்கள் என்று ஓட்டினால் 300 சேர்க்கைகள். அவை ஒன்றோடொன்று நெருங்கியவை என்பதால் உண்மையான எண்ணிக்கை குறைவுதான். ஆனால் சரிவராமல் கைவிட்ட வடிகட்டிகளையும், மாற்றிப் பார்த்த தொடக்கத் தேதிகளையும் யாரும் குறித்து வைப்பதில்லை, அவையும் முயற்சிகளே.

அதனால் எண்களைத் தேடுவதையே விட்டுவிடுவது நல்லது என்பேன். ரிச்சர்ட் டென்னிஸ் 1983-இல் தொடங்கிப் புதியவர்களுக்குப் பண்டச்சந்தை வணிகம் பயிற்றுவித்தார். டர்டில்கள் என்று அறியப்பட்ட அவர்களின் குறுகிய கால முறையில் நுழைவு 20 நாள், வெளியேற்றம் 10 நாள். பிட்காயின் பிறக்கக் கால் நூற்றாண்டு இருந்தபோது உறுதியான எண்கள் அவை. பிட்காயினின் வரலாறு அவற்றுக்குள் கசிந்திருக்க வழியில்லை. அந்த இணையை ஒரே முறை சோதிக்கலாம். பிறகு 18, 22, 25 என்று அக்கம்பக்கத்து எண்களைப் பார்ப்பது தேர்ந்தெடுப்பதற்காக அன்று. 20-இல் லாபமும் 22-இல் நட்டமும் வந்தால் அந்த லாபத்தில் பொருளில்லை என்று அறிவதற்காக.

கிரிப்டோவுக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு, போதிய அளவு பயன்படுத்தப்படாதது. இச்சந்தைக்கு மூடும் நேரம் கிடையாது. தினசரி விலை என்று நாம் இறக்கும் தரவு பொதுவாக யூடிசி நள்ளிரவில், அதாவது இந்திய நேரம் காலை 5.30-க்கு, வெட்டப்பட்டது. அந்த வெட்டு வெறும் வழக்கம். மணிவாரித் தரவை எடுத்து 24 வெவ்வேறு மணிகளில் நாளை வெட்டினால், ஒரே சந்தைக்கு 24 தினசரி வரலாறுகள் கிடைக்கும். உண்மையான போக்கைப் பிடிக்கும் விதி எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே விடை தர வேண்டும். விடைகள் பெரிதும் சிதறினால், நாம் முதலில் பார்த்த எண் கடிகாரத்தின் தற்செயல்.

இவற்றுக்குப் பிறகும் நினைவின் சாய்வு ஒரு வடிவில் எஞ்சும்: ஏன் பிட்காயின்? பிழைத்து வளர்ந்தது என்பதால்தானே. 2017 இறுதியில் ஒருவர் சந்தை மதிப்பின்படி நாணயங்களை எடுத்திருந்தால் பட்டியலில் பிட்கனெக்டும் இருந்திருக்கும். 2018 ஜனவரியில் அது சரிந்து அழிந்தது. லூனா இன்னும் நுட்பமான பொறி. 2022 மே மாதச் சரிவுக்குப் பிறகு பழைய நாணயம் LUNC என்ற குறியீட்டுக்குப் போனது. LUNA என்ற குறியீடு புதிதாக வெளியிட்ட நாணயத்துக்குத் தரப்பட்டது. குறியீட்டை மட்டும் நம்பித் தரவை இறக்கினால், ஏறத்தாழ பூச்சியத்துக்குப் போன நாணயம் சில வாரத்தில் டாலர் கணக்கில் உயிர்த்தெழுந்ததுபோல் தோன்றும். விதி அங்கே இல்லாத லாபத்தை எழுதும். எனவே ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் அன்றிருந்த பட்டியலைக் கொண்டு, இறந்த நாணயங்களையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

விதி சந்தையில் இருந்ததால் லாபம் வந்ததா, சரியான நேரத்தில் இருந்ததால் வந்ததா என்பதையும் பிரித்தாக வேண்டும். `pos` வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, அதைக் காலத்தில் தற்செயலான தொலைவுக்குச் சுழற்றி, ஆயிரம் முறை ஈட்டத்தைக் கணக்கிடலாம். கையிருப்பு நாள்களும் வணிக எண்ணிக்கையும் மாறாது. நேரம் மட்டும் மாறும். அசல் விதி அந்த ஆயிரத்தின் நடுவில் விழுந்தால், அது பிட்காயின் ஏறியதன் பங்கை மட்டுமே பெற்றது.

கடைசியாகச் செலவு. இந்திய வணிகருக்கு இதுவே விதியைத் தீர்மானிக்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. நட்டத்தை லாபத்தில் கழிக்க இயலாது. பிரேக்அவுட் விதியோ பல சிறு நட்டங்களையும் சில பெரிய லாபங்களையும் தருவது. ஓராண்டில் ஆறு வணிகங்கள் ஒவ்வொன்றும் 5,000 ரூபாய் இழந்து, நான்கு சேர்ந்து 50,000 ரூபாய் ஈட்டின என்று வைப்போம். நிகர லாபம் 20,000 ரூபாய். வரியோ 50,000-க்கு, அதாவது 15,000. மேல்வரியைச் சேர்க்காமலே கையில் நிற்பது 5,000 ரூபாய். வரிக்கு முந்தைய நிகர லாபத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. லாப நட்டங்களைக் கூட்டிவிட்டு இறுதித் தொகையில் வரியைக் கழிக்கும் பேக்டெஸ்ட் 14,000 ரூபாய் என்று காட்டும். ஒவ்வொரு வணிகத்துக்கும் வரியைத் தனித்தனியே கணக்கிடும் பேக்டெஸ்ட்தான் 5,000-ஐக் காட்டும்.