எந்த ஆண்டுக்கு எவ்வளவு எடை?

மூன்று ஆண்டு மதிப்பெண்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பட்டத்தின் வகுப்பு கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உலகின் பல பல்கலைக்கழகங்களில் கணக்கு அப்படி நடப்பதில்லை. முதலாண்டைச் சேர்க்காமலே விடும் இடங்கள் உண்டு. கடைசி ஆண்டை இரண்டு மடங்காகவோ மூன்று மடங்காகவோ எண்ணும் இடங்களும் உண்டு. இந்த எடைகளை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து திட்டமிடவில்லை. கணிதப் பந்தயம் ஒன்று, கடல் கடந்த நகல்கள் சில, பேராசிரியர்களின் ஓய்வூதியம் எனத் தொடர்பில்லாத பல விஷயங்கள் சேர்ந்து இவற்றை உருவாக்கின.

கதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பட்டம் பெற விரும்பியவர்கள் லத்தீனில் வாதம் செய்ய வேண்டும். யார் எந்த இடம் என்பதைக் கேட்டவர்களின் அபிப்பிராயமே முடிவுசெய்தது. மெல்ல மெல்லக் கணித எழுத்துத் தேர்வு வளர்ந்தது. 1748இல் தரவரிசைப் பட்டியல் அச்சில் வந்தது. 1753 முதல் அதை ராங்லர், சீனியர் ஆப்டிமே, ஜூனியர் ஆப்டிமே என மூன்றாகப் பிரித்தார்கள். இன்றைய முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளின் மூதாதையர் இவர்களே. ஆளை மொத்தமாக எடைபோடாமல் ஒவ்வொரு கேள்விக்கும் தனி மதிப்பெண் இடலாம் என்ற யோசனை 1792 வாக்கில் வந்ததாகவும், அதைச் சொன்னவர் வில்லியம் ஃபாரிஷ் என்ற ஆசிரியர் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அந்த மதிப்பெண்கள் எப்படி இருந்தன என்பதை ஃபிரான்சிஸ் கால்டன் 1869இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்திருக்கிறார். எட்டு நாள் தேர்வு. மொத்த மதிப்பெண் 17,000. ஓர் ஆண்டில் முதலிடம் பெற்றவர் எடுத்தது 7,634. அடுத்தவர் எடுத்தது 4,123. பட்டியலின் கடைசி மனிதர் எடுத்தது வெறும் 237. இன்றைய கணக்கில் பார்த்தால் முதலிடத்துக்காரரே 45 சதவீதத்தைத் தொடவில்லை. சதவீதத்தை அங்கே யாரும் பார்க்கவில்லை, வரிசையைத்தான் பார்த்தார்கள். மாணவர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் எப்படிப் படித்தார் என்பதற்கு எடை பூஜ்யம். அந்த எட்டு நாட்களுக்கு எடை நூறு.

ஆக்ஸ்ஃபோர்டு சற்றே வேறு வழியில் போனது. அங்கே மாணவர்களை ஒன்று, இரண்டு என வரிசைப்படுத்தாமல் வகுப்புகளாகத் தொகுத்தார்கள். 1807இல் செவ்வியல் கல்விக்கும் கணிதத்துக்கும் தனித்தனி வகுப்புப் பட்டியல்கள் வந்தன. அடுத்த ஆண்டே இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கிப் பெயர் பெற்றார் ராபர்ட் பீல். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர் இவர். வரிசை வகுப்பாக மாறியதில் ஒரு விளைவு ஒளிந்திருந்தது. வரிசையில் ஓரிடம் பின்தங்குவது சின்ன இழப்பு. வகுப்பின் எல்லைக்கோட்டில் ஒரு மதிப்பெண் தவறினால் பட்டத்தின் பெயரே மாறிவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கப்பலேற்றியது 1836இல் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம். அது பாடம் நடத்தவில்லை, தேர்வு மட்டுமே நடத்தியது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் இந்த மாதிரியிலேயே அமைந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவரைப் பல்கலைக்கழகம் பார்ப்பதே இல்லை என்பதால் அந்த ஆண்டுகளுக்கு எடை தருவது என்ற பேச்சே எழவில்லை. பின்னர் வந்த எஃப்.ஏ. தேர்வுகூட அடுத்த படிக்குப் போகும் வாசலாகவே இருந்தது.

கல்கத்தாவின் முதல் பி.ஏ. தேர்விலேயே சிக்கல் வந்தது. 1858இல் தேர்வெழுதியவர்களில் பங்கிம் சந்திர சட்டர்ஜியும் ஜதுநாத் போஸும் ஆறு பாடங்களில் ஐந்தில் நன்றாகத் தேறி, ஒன்றில் மட்டும் தவறினார்கள். அதிலும் ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் குறையவில்லை. சிறப்புச் சலுகையாக இருவருக்கும் இரண்டாம் வகுப்பில் பட்டம் கொடுத்தார்கள். இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதியும் வைத்தார்கள். ஆனால் ‘கிரேஸ் மார்க்’ இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் வாடிக்கை. சென்னையின் முதல் பட்டதாரிகளாகப் போற்றப்படும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். லண்டனில் பிறந்த தேர்வுமுறை சென்னைக்கு வந்து, பாக் நீரிணையைக் கடந்தவர்களுக்கே முதல் பட்டங்களைத் தந்தது.

இனி அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர்கள் விரும்பிய பாடங்களைத் தேர்ந்தெடுக்க வழிவிட்டார். ஆளுக்கொரு பாடத் தொகுப்பு என்றானதும் எல்லோருக்கும் பொதுவான ஒரே இறுதித் தேர்வு பொருந்தவில்லை. முடித்த பாடங்களை எண்ணிக் கூட்ட வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு பாடம் என்பது எவ்வளவு? இதற்கு அளவுகோல் வந்தது ஆண்ட்ரூ கார்னகியின் பணத்திலிருந்து. 1905இல் அவர் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். யாருக்கு ஓய்வூதியம் என்று முடிவுசெய்ய, கல்லூரி என்றால் என்ன என்பதை அறக்கட்டளை வரையறுக்க வேண்டியிருந்தது. பள்ளியில் 14 அலகுகள் படித்தவர்களை மட்டும் சேர்ப்பதே கல்லூரி, ஓர் அலகு என்பது சுமார் 120 மணி நேர வகுப்பு என்று விதித்தது. அறக்கட்டளைக் குழுவின் தலைவர் அதே எலியட். ஓய்வூதியத்துக்காகப் பள்ளிகளும் கல்லூரிகளும் இந்த அளவுக்குள் வந்தன. படிப்பை மணிக்கணக்கில் அளந்து சேமிக்கும் கிரெடிட் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. சேமித்த கிரெடிட்டில் முதலாண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் ஒரே மதிப்பு.

ஆக, உலகில் இரண்டு கருத்துகள் இருந்தன. வாசலைத் தாண்டி வெளியேறும்போது மாணவர் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம் என்றது பிரிட்டன். வழி நெடுக என்ன சேர்த்தார் என்பதே முக்கியம் என்றது அமெரிக்கா. இரண்டும் மோதிக்கொண்டது பிரிட்டனில். 1971இல் பாடம் நடத்தத் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், வேலைக்குப் போய்க்கொண்டே பல ஆண்டுகள் படிப்பவர்களுக்கு ஒரே வாரத்தில் இறுதித் தேர்வு வைக்க முடியாது. பாலிடெக்னிக்குகளுக்குப் பட்டம் வழங்கிய தேசியக் கவுன்சிலும் பின்னர் கிரெடிட்டைக் கையில் எடுத்தது. ஆண்டுக்கு 120, ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 என்ற எண்கள் நிலைத்தன. பாடங்கள் ஆண்டுதோறும் முடியத் தொடங்கியதும், எந்த ஆண்டுக்கு எவ்வளவு எடை என்ற கேள்வி வந்தது.

கிடைத்த விடை ஒரு சமரசம். பல வகைப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் ஒரே மட்டத்துக்கு வர அவகாசம் வேண்டும் என்பதால் முதலாண்டில் தேறினால் போதும், எடை பூஜ்யம். வெளியேறும்போது உள்ள திறன் முக்கியம் என்ற பழைய நம்பிக்கையால் கடைசி ஆண்டுக்கு அதிக எடை. ஆனால் எவ்வளவு அதிகம் என்பதில் ஒற்றுமை இல்லை. சமமாகப் பிரிப்பவர்களும் 40:60, 25:75 எனப் பிரிப்பவர்களும் உண்டு.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். முதலாண்டு 52, இரண்டாமாண்டு 57, மூன்றாமாண்டு 62. பிரிட்டனில் 60 தொட்டால் இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, 50 முதல் கீழ் பிரிவு. மூன்று ஆண்டுகளுக்கும் சம எடை என்றால் அவர் சராசரி 57, கீழ் பிரிவு. முதலாண்டை விட்டு, மற்ற இரண்டையும் சமமாக எடுத்தால் 59.5. இப்போது வகுப்பை முடிவுசெய்வது பின்னத்தை முழுமையாக்கும் விதி. அந்த விதி இருந்தால் மேல் பிரிவு, இல்லையென்றால் கீழ் பிரிவு. 40:60 என்றால் 57இல் நாற்பது சதவீதம் 22.8, 62இல் அறுபது சதவீதம் 37.2, கூட்டினால் சரியாக 60. 25:75 என்றால் 60.75. விடைத்தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவருடைய தோழர் இதே எண்களைத் தலைகீழாக எடுத்திருந்தால், அதாவது 62, 57, 52 என்றால், சம எடையில் அவருக்கும் 57தான். 40:60 கணக்கிலோ 54. சம எடையில் சரிசமமாக நின்ற இருவரும் இந்தக் கணக்கில் வேறு வேறு வகுப்பில் இருப்பார்கள்.

காகிதத்தில் எழுதிய எடையும் உண்மையில் வேலை செய்யும் எடையும் ஒன்றல்ல என்பது இன்னொரு நுட்பம். கடைசி ஆண்டில் பெரும்பாலும் ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் 58இலிருந்து 64க்குள் மதிப்பெண். இரண்டாமாண்டிலோ கடினமான கணிதத் தாள்கள், மதிப்பெண்கள் 30இலிருந்து 90 வரை சிதறிக் கிடக்கின்றன. கடைசி ஆண்டுக்கு 60 சதவீத எடை கொடுத்தாலும் அது ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்காது. யார் முன்னே, யார் பின்னே என்பதை இரண்டாமாண்டே முடிவுசெய்யும். கால்டன் காட்டிய 7,634க்கும் 237க்கும் இடையிலான பெரும் இடைவெளியும் இதைத்தான் செய்தது. எனவே எடையை மட்டும் கேட்டால் போதாது, அந்த ஆண்டின் மதிப்பெண்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், இங்கே வென்றது அமெரிக்கக் கிரெடிட். பொறியியலில் சிஜிபிஏ என்பது ஒவ்வொரு பாடத்தின் கிரேடு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுப்பது. முதல் செமஸ்டர் இயற்பியலும் கடைசி செமஸ்டர் பாடமும் கிரெடிட் அளவில் சமமானால் எடையும் சமம். ஆனாலும் சமமற்ற எடை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழக விதிகளில் டிஸ்டிங்ஷனுக்கு 8.5 சிஜிபிஏ மட்டும் போதாது. எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் ஒரே ஒரு அரியர் வைத்து, பிறகு 9க்கு மேல் எடுத்தாலும் டிஸ்டிங்ஷன் கைக்கு வராது. அந்த ஒற்றைத் தாள், டிஸ்டிங்ஷனைப் பொறுத்தவரை மற்ற எல்லாத் தாள்களையும்விடக் கனமாகிவிடுகிறது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவருக்கோ முதலாண்டே கணக்கில் இல்லை. ஒரே வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்களில் ஒருவருக்கு எட்டு செமஸ்டர், இன்னொருவருக்கு ஆறு.

எந்தக் கணக்கு நியாயம்? இரண்டுக்கும் காரணம் உண்டு. தாமதமாக மலரும் மாணவருக்கு ஏறுமுக எடை நீதி செய்கிறது. வழி நெடுகச் சீராக உழைத்தவருக்குச் சம எடை நீதி செய்கிறது. நியாயமே இல்லாதது ஒன்றுதான். கணக்கு என்னவென்று மாணவருக்குத் தெரியாமல் இருப்பது. எந்த ஆண்டுக்கு எத்தனை சதவீதம், பின்னம் எப்படி முழுமையாகிறது, ஒருமுறை தவறினால் எந்தத் தகுதி போகிறது ஆகிய மூன்றையும் சேர்க்கை நாளிலேயே ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் செலவு அதிகமாகாது. கொடுக்காவிட்டால், முதல் வகுப்பு தொடங்கும் முன்பே மாணவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.