ஏரிப் பாட்டு வரி பிரிந்த கதை

அந்தப் பாட்டு பிறந்தது என் அத்தையின் கோடு போட்ட நோட்டில். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிக்கும்போது பாடவென்று அவரே கட்டியது. நோட்டு கரையானுக்குப் போய்விட்டது. பாட்டு அத்தையின் வாயில் மட்டும் இருந்தது. சென்ற ஆடியில் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் அதைப் படிக்கக் கேட்டார்கள். அத்தைக்குத் தட்டச்சு வராது. போனில் மைக் படத்தை அழுத்திவிட்டுப் பாடினார். போன் கேட்டதையெல்லாம் எழுதி எனக்கு அனுப்பியது. வந்து சேர்ந்தது இப்படி:

ஏரி நெறஞ்சதடி வாருங்கடி மாரி பொழிஞ்சதடி பாருங்கடி ஏரி நிறைஞ்சதடி வாருங்கடி மாரி பொழிஞ்சதடி பாருங்கடி மதகு தொறந்தவுடன் ஓடும் தண்ணி பதரு கெடந்த வயல் தேடும் தண்ணி மதகு தொறந்தவுடன் ஓடும் தண்ணி பதரு கெடந்த வயல் தேடும் தண்ணி நாத்து நடுவதற்கு ஆளு வேணும் பாத்து நடுவதற்கு நாளு வேணும் ஏரி நெறஞ்சதடி வாருங்கடி

இது பாதிதான். மீதியும் இதே மாதிரி புள்ளியில்லாமல், வரியில்லாமல் ஓடியது.

பார்த்ததும் எனக்கு ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. ஓலையில் செய்யுளை வரி மடக்கி எழுதும் வழக்கம் இல்லை. ஓலையின் நீளம் முடியும் வரை எழுத்து ஓடும், பிறகு அடுத்த வரியில் தொடரும். மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இராது. அதிலிருந்து அடிகளைப் பிரித்துத்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார். யாப்பும் எதுகையும் தெரிந்தவருக்கு அடி எங்கே தொடங்குகிறது என்பதைப் பாட்டே சொல்லிவிடும். அதே கருவி கும்மிப் பாட்டுக்கும் போதும் என்று தோன்றியது.

எதுகை என்பது அடிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. ஏரி, மாரி இரண்டிலும் ‘ரி’. ஆக ‘மாரி’ என்ற இடத்தில் புது வரி. மதகு, பதரு இரண்டிலும் ‘த’. நாத்து, பாத்து இரண்டிலும் ‘த்’. வரியின் கடைசியில் இயைபு காவல் நிற்கிறது: வாருங்கடி, பாருங்கடி, ஓடும் தண்ணி, தேடும் தண்ணி. தலையில் எதுகை, வாலில் இயைபு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வரி. சந்தேகம் வந்தால் கையைத் தட்டிப் பார்க்கலாம். இந்தப் பாட்டின் சரணத்தில் வரிக்கு நாலு தட்டு: மதகு, தொறந்தவுடன், ஓடும், தண்ணி. ‘கெடந்த வயல்’ என்று இரண்டு சொல் வந்தாலும் அது ஒரே தட்டுக்குள் அடங்கிவிடும். சொல்லை எண்ணி வரி பிரித்தவர் இங்கே தடுக்கி விழுவார்.

வரி பிரிந்தபின் பெயர் வைக்க வேண்டும். எங்கே போனாலும் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு வரி பல்லவி. ஒரே மெட்டில் வெவ்வேறு சொல்லோடு வருபவை சரணம். இதில் அனுபல்லவி கிடையாது. கும்மிக்கு அது தேவையும் இல்லை.

திரும்ப வரும் வரியைக் கண்டுபிடிக்க என் அக்கா மகன் கணினியைத் தேடச் சொன்னான். மேலே உள்ள பாதியில் முதல் வரி இரண்டு இடத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றது அது. உண்மையில் மூன்று. இரண்டாம் முறை போன் ‘நிறைஞ்சதடி’ என்று எழுதியிருந்ததால் கணினிக்கு அது வேறு வரி. பேச்சு வழக்கை எழுதும் போன் ஒரே சொல்லை இரண்டு விதமாய் எழுதும். அதனால் தேடும் முன் எழுத்தை ஒன்றாக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, நாத்து நடும் வரியும் பாத்து நடும் வரியும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று பையன் இரண்டாவதை வெட்டிவிட்டு முதலாவதற்குப் பக்கத்தில் (2) போட்டான். ஆளும் நாளும் ஒன்றா? பாதிச் சொல் மாறி அடுத்தடுத்து வருவது பாட்டுக் கட்டுபவரின் வேலை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மும்மூன்றாய் அடுக்கி வரும் பாடல்களை இவன் கையில் கொடுத்தால் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும்.

இரண்டாவது சரணம் வரி பிரிந்து, திருப்பல் நீங்கியபின் இப்படி நின்றது:

கதிரு தலைகுனிஞ்சு ஆடும் நெல்லு
குதிரை நெறைய வந்து கூடும் நெல்லு
களத்து மேட்டுலதான் காவல் வேணும்

முதல் சரணத்தில் நாலு வரி, இதில் மூன்று. மெட்டு ஒன்று என்றால் வரிக் கணக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதோடு ‘களத்து’ தன் எதுகை ஜோடி இல்லாமல் தனியாக நிற்கிறது. அத்தைக்குப் போன் போட்டேன். “மருமகனே, அந்த எடத்துல மூச்சு வாங்கிட்டேன், மைக்கு அணைஞ்சுபோச்சு. மறுபடி அமுக்கிட்டுப் பாடினேன்” என்றார். பேச்சு நின்றால் மைக் தானாக அணைந்துவிடும். எழுத்தில் அதற்கு எந்த அடையாளமும் இராது. விட்டுப்போன வரியைப் பாடிக் காட்டினார்: வளத்த வீட்டுலதான் சேவல் வேணும். குதிரையையும் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நெல் கொட்டும் குதிர் அது. ‘குதிரு’ என்று பாடியதைப் போன் குதிரை ஆக்கிவிட்டது. இந்தப் பிழையை எதுகையால் பிடிக்க முடியாது. குதிரையிலும் இரண்டாம் எழுத்து ‘தி’தான். பொருள் பார்த்தால்தான் பிடிபடும்.

பிறகு அச்சடித்தேன். முதல் தாளில் பல்லவியின் இரண்டாம் வரி முடிவில் (2) என்று போட்டிருந்தேன். ஒத்திகையில் ஆறு பேர் இரண்டு வரியையும் திருப்பினார்கள், ஆறு பேர் ‘மாரி’ வரியை மட்டும் திருப்பினார்கள். தப்பு என்னுடையது. வரிக் கடைசியில் நிற்கும் (2) எதுவரை பின்னால் போகும் என்று யாருக்குத் தெரியும்? தலைப்பிலும் ஒரு வம்பு. பல்லவிக்குப் பையன் ‘கோரஸ்’ என்று போட்டிருந்தான். ஆங்கிலப் பாட்டுத் தாளில் அது பல்லவிக்கு நிற்கும். நம் ஊரில் கோரஸ் என்றால் கூட்டுக்குரல். ஆகவே முன்னால் பாடும் அக்கா பல்லவி வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டார். எந்தப் பகுதி என்பதும் யார் பாடுவது என்பதும் இரண்டு தனிச் சேதி; ஒரே தலைப்பில் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது கையில் இருக்கும் தாள்:

பல்லவி (எல்லோரும்)
{ ஏரி நெறஞ்சதடி வாருங்கடி
மாரி பொழிஞ்சதடி பாருங்கடி } 2

சரணம் 1 (முன்பாட்டு)
{ மதகு தொறந்தவுடன் ஓடும் தண்ணி
பதரு கெடந்த வயல் தேடும் தண்ணி } 2
நாத்து நடுவதற்கு ஆளு வேணும்
பாத்து நடுவதற்கு நாளு வேணும்
(ஏரி… முதல் வரி மட்டும், ஒரு முறை)

சரணம் 2 (முன்பாட்டு)
{ கதிரு தலைகுனிஞ்சு ஆடும் நெல்லு
குதிரு நெறைய வந்து கூடும் நெல்லு } 2
களத்து மேட்டுலதான் காவல் வேணும்
வளத்த வீட்டுலதான் சேவல் வேணும்
(ஏரி… இரண்டு வரியும், இரு முறை)

சரணத்தின் அடியில் பல்லவியின் முதல் சொல்லை மட்டும் போட்டு நிறுத்துவது கீர்த்தனைப் புத்தகங்களின் பழைய வழக்கம். தாளும் மிச்சம், கண்ணுக்கும் இதம். ஆனால் அந்தப் புத்தகங்களை வைத்துப் பாடியவர்களுக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது குருவிடம் கேட்டே தெரியும். என் பன்னிரண்டு பேருக்குத் தெரியாது. அதனால்தான் ‘முதல் வரி மட்டும்’ என்று எழுத வேண்டியிருந்தது. இந்தத் திருப்பல் கணக்கை நான் எழுத்திலிருந்து எடுத்தேன்; மைக் அணைந்த இடத்தில் மட்டும் அத்தையைக் கேட்டேன். அத்தை இல்லாதிருந்தால் அந்தச் சேவல் வரியும் இல்லை. நீங்கள் யாருக்காவது ஒரு பாட்டை அனுப்புவதாக இருந்தால், எழுத்தோடு பாடிய ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.