குழாய்-தொட்டிக் கணக்குகளில் குறிப் பிழை

குழாய்-தொட்டிக் கணக்குகளில் குறிப் பிழை என்பது, தொட்டியிலிருந்து நீரை வெளியேற்றும் குழாயின் வீதத்தைக் கழிக்காமல், நிரப்பும் குழாய்களின் வீதங்களுடன் கூட்டிவிடுவதால் ஏற்படும் பிழையாகும். பள்ளிக் கணிதத்திலும் போட்டித் தேர்வுகளிலும் இவ்வகைக் கணக்குகள் இடம்பெறுகின்றன. பிழையான விடையும் பெரும்பாலும் ஏற்கத்தக்க எண்ணாகவே தோன்றுவதால், பிழை நேர்ந்ததை உணர்வது எளிதன்று.

அடிப்படை

ஒரு குழாய் தொட்டியை a மணி நேரத்தில் நிரப்பினால், அது ஒரு மணி நேரத்தில் தொட்டியின் 1/a பங்கை நிரப்பும். இதுவே அக்குழாயின் வீதம் ஆகும். வேறொரு குழாய் நிறைந்த தொட்டியை c மணி நேரத்தில் காலி செய்தால், அது ஒரு மணி நேரத்தில் 1/c பங்கை வெளியேற்றும். நீர் உள்ளே வருவதை மிகை (+) எனவும் வெளியே செல்வதை குறை (−) எனவும் கொண்டால், இரண்டும் திறந்திருக்கும்போது நிகர வீதம் 1/a − 1/c ஆகும்.

எடுத்துக்காட்டு

A என்னும் குழாய் ஒரு தொட்டியை 4 மணி நேரத்திலும், B என்னும் குழாய் 6 மணி நேரத்திலும் நிரப்புகின்றன. C என்னும் குழாய் நிறைந்த தொட்டியை 12 மணி நேரத்தில் காலி செய்கிறது. மூன்றும் ஒன்றாகத் திறக்கப்பட்டால் காலித் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிறையும்?

சரியான முறை: 1/4 + 1/6 − 1/12 = 4/12 = 1/3. தொட்டி 3 மணி நேரத்தில் நிறையும்.

பிழையான முறை: 1/4 + 1/6 + 1/12 = 6/12 = 1/2. தொட்டி 2 மணி நேரத்தில் நிறையும் எனக் கிடைக்கிறது.

தொட்டியின் கொள்ளளவை 1200 லிட்டர் எனக் கொண்டால் வேறுபாடு தெளிவாகும். அப்போது மணிக்கு A 300 லிட்டரும் B 200 லிட்டரும் நிரப்ப, C 100 லிட்டரை வெளியேற்றும். 2 மணி நேரத்தில் உள்ளே வருவது 1000 லிட்டர். வெளியேறுவது 200 லிட்டர். எனவே தொட்டியில் 800 லிட்டரே இருக்கும். 400 லிட்டர் குறையும். வெளியேறிய 200 லிட்டரைக் கழிக்காமல் விட்டதுடன், அதையே உள்ளே வந்ததாகவும் சேர்த்ததால், பிழை இருமடங்காகிறது.

காரணம்

குழாய்க் கணக்குகள் பெரும்பாலும் வேலையும் நேரமும் பற்றிய கணக்குகளைத் தொடர்ந்து கற்பிக்கப்படுகின்றன. அவற்றில் பலர் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வதால் வீதங்கள் எப்போதும் கூட்டப்படுகின்றன. அந்தச் சூத்திரத்தை மனப்பாடமாகக் கொண்டவர் இங்கும் கூட்டிவிடுகிறார். மேலும், "12 மணி நேரத்தில் காலி செய்யும்" என்பதில் உள்ள 12 மிகை எண்ணே. குறை என்னும் குறியைத் தருவது "காலி செய்யும்" என்ற சொல் மட்டுமே. பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில், நான்கு ஊற்றுகள் ஒரு குளத்தைத் தனித்தனியே 1, 1/2, 1/3, 1/6 நாளில் நிரப்பும் கணக்கு உள்ளது. அங்கு எல்லாமே உட்செல்லும் நீர் என்பதால் 1 + 2 + 3 + 6 = 12 எனக் கூட்டுவது முறையே; விடை 1/12 நாள்.

கண்டறியும் வழி

வெளியேற்றும் குழாயை மூடிவிட்டதாகக் கொண்டு முதலில் கணக்கிட வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் A, B இரண்டும் மட்டும் திறந்திருந்தால் வீதம் 5/12. நேரம் 2 மணி 24 நிமிடம். C திறந்திருக்கும்போது இதைவிடக் கூடுதல் நேரம் ஆக வேண்டும். 2 மணி என்னும் விடை இதைவிடக் குறைவாக இருப்பதால் அது தவறு எனத் தெரிகிறது.

கசிவுக் கணக்கு

சில கணக்குகளில் பிழை தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது. 8 மணி நேரத்தில் நிறைய வேண்டிய தொட்டி, அடியில் உள்ள கசிவினால் 10 மணி நேரத்தில் நிறைகிறது எனில், 1/8 − 1/x = 1/10 என்பதிலிருந்து x = 40 எனக் கிடைக்கும். அதாவது, கசிவு மட்டும் நிறைந்த தொட்டியை 40 மணி நேரத்தில் காலி செய்யும். குறியை மாற்றி 1/8 + 1/x = 1/10 என எழுதினால் x = −40 எனக் கிடைக்கும். மாணவர் குறை என்னும் குறியை விட்டுவிட்டால் சரியான விடையே அமைந்துவிடுவதால், சமன்பாட்டிலுள்ள பிழை கவனிக்கப்படாமல் போகலாம்.

வரையறைகள்

வெளியேற்றும் வீதம் நிரப்பும் வீதத்தைவிட மிகுதியாயின் காலித் தொட்டி ஒருபோதும் நிறையாது. நிரப்ப 6 மணி நேரமும் காலி செய்ய 4 மணி நேரமும் ஆகும் குழாய்களுக்கு நிகர வீதம் 1/6 − 1/4 = −1/12. நிறைந்த தொட்டி 12 மணி நேரத்தில் காலியாகும் என்பதே இதன் பொருள். கூட்டியவருக்கோ, நிறையாத தொட்டி 2 மணி 24 நிமிடத்தில் நிறைவதாக விடை வரும்.

இரு வெளியேற்றும் குழாய்கள் இருப்பின் அவற்றின் வீதங்களைத் தமக்குள் கூட்டி, அக்கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். இக்கணக்குகள் யாவும் வீதம் மாறாதது என்னும் கருதுகோளைக் கொண்டவை. உண்மையில் தொட்டியின் அடியிலுள்ள துளை வழியே நீர் வெளியேறும் வேகம், நீர்மட்டம் தாழத் தாழக் குறையும்.