பாசோ 50 ஹெக்டேர் காட்டுத் தரவுத்தொகுதி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள பாசோ வனக் காப்பகத்தில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, அளந்து, இனம் கண்டு சேர்த்த ஆய்வுத் தரவு இது. 1980களின் நடுவில் இந்தப் பணியைத் தொடங்கிய மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் கெப்போங்கில், கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளமும் அரை கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலத்தை 20 மீட்டர் சதுரங்களாக, மொத்தம் 1,250 கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கணக்கெடுப்பில் 814 இனங்களைச் சேர்ந்த 335,240 மரங்கள் பதிவாயின. சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே மரங்கள் திரும்பவும் அளக்கப்படுகின்றன.

என். மனோகரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990இல் இதன் வழிமுறையை ஒரு தனி நூலாகவே கழகத்தின் வழியாக வெளியிட்டார்கள். கட்டத்தை எப்படிப் பிரிப்பது, மரத்தை எந்த உயரத்தில் அளப்பது என்பவற்றையெல்லாம் அது சொல்கிறது. இன்று தரவுடன் அனுப்பும் README கோப்பின் வேலையை அந்நூல் காகிதக் காலத்திலேயே செய்தது. அட்டவணையைத் திறக்கும் வெளியூர் ஆய்வாளர் காட்டை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார் என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே கொள்ளவேண்டும்.

அத்தகைய குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பாசோவுக்கு முன்னோடியான பனாமாவின் பாரோ கொலராடோ தீவுத் தரவு தெளிவான சான்று. அங்கு 1982, 1985 கணக்கெடுப்புகளில் 55 மில்லிமீட்டருக்குக் குறைந்த கன்றுகளின் விட்டத்தை ஐந்தின் மடங்காகக் கீழிறக்கி எழுதினார்கள். 33 மி.மீ. கன்று 30 என்று பதிவானது. 1990 முதல் சரியான மில்லிமீட்டர் எழுதப்பட்டது. ஐந்தாண்டில் ஒரே மில்லிமீட்டர் வளர்ந்து 34 ஆன அந்தக் கன்று, இரண்டு அட்டவணைகளையும் அப்படியே கழித்தால் 4 மி.மீ. வளர்ந்ததாகத் தோன்றும். ஆயிரக்கணக்கான கன்றுகளில் இந்தப் பிழை சராசரியாக 2 மி.மீ. அளவுக்கு ஒரே பக்கமாகச் சாயும். நிழலில் மெல்ல வளரும் இனங்களுக்கு அது உண்மையான வளர்ச்சியையே மூழ்கடித்துவிடும். 1990 அளவையும் அதேபோல் கீழிறக்கிய பிறகு கழித்தால் சராசரி நேராகிவிடும். ஆனால் தனி ஒரு கன்றின் வளர்ச்சியை அதிலிருந்து நம்பிச் சொல்ல முடியாது. கோப்பில் இந்தக் குறை கண்ணில் படக்கூடிய ஒரே அடையாளம், சிறு மரங்களின் எண்களெல்லாம் 0 அல்லது 5இல் முடிவதுதான்.

இன்னொரு சிக்கல் மரத்தின் எண்ணில் வருகிறது. மரத்தில் கட்டிய தகடு தொலைந்தால் புதிய தகடு கட்டப்படும். ஆகவே தரவுத்தளம் தகட்டு எண்ணுக்கு `tag` என்றும், மாறாத அடையாள எண்ணுக்கு `treeID` என்றும் தனித்தனிப் பத்திகள் வைத்திருக்கிறது. கணக்கெடுப்புகளை இணைக்க வேண்டியது `treeID` மூலமாகத்தான். தகட்டு எண்ணால் இணைத்தால் ஒரே கட்டத்தில் ஒரு மரம் செத்ததாகவும், 120 மி.மீ. பருமனில் ஒரு "புதிய கன்று" முளைத்ததாகவும் காட்டும். ஐந்தாண்டில் அவ்வளவு பருமனாகும் கன்று மிக அரிது. அப்படி ஒன்று தென்பட்டால் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பதிப்பு ஒழுங்கில் பலரும் தடுமாறுவது, கணக்கெடுப்பின் எண்ணையே பதிப்பின் எண்ணாகக் கொள்வதால். 2000இல் செத்ததாக எழுதிய மரம் 2005இல் உயிரோடு காணப்பட்டால், 2000க்கான அட்டவணையையே திருத்தவேண்டும். தாவரவியலாளர் ஓர் இனத்தை மறுபடி இனம் கண்டால் எல்லாக் கணக்கெடுப்புகளிலும் அதன் பெயர் மாறும். ஆகவே "இரண்டாம் கணக்கெடுப்பைப் பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதிய கட்டுரையின் முடிவை இன்னொருவர் மறுபடி பெற முடியாமல் போகலாம். எந்த நாளில் வெளிவந்த தொகுப்பு என்பதும் தேவை. பாரோ கொலராடோ தரவு 2019இல் டிரையாட் களஞ்சியத்தில் பொதுவெளிக்கு வந்தபோது எட்டுக் கணக்கெடுப்புகளும் `bci.tree1.rdata` முதல் `bci.tree8.rdata` வரை தனிக் கோப்புகளாகவும், இனப்பெயர்ப் பட்டியல் வேறாகவும் அமைந்தன. அந்த எண்கள் கணக்கெடுப்பைக் குறிப்பவை. பதிப்பைக் களஞ்சியத்தின் பதிவுதான் சொல்லும்.

இவ்வகைத் தரவை ஒரு கூட்டாளிக்கு அனுப்பும்போது கோப்புறையைப் பின்வருமாறு அமைக்கலாம்:

```
release_2024-03/
  README.txt
  CHANGES.txt
  SHA256SUMS
  species/
  census1/
  census2/
raw/
```

களத்தில் எழுதியது `raw` கோப்புறையில் இருக்கும்; அதை யாரும் திருத்துவதில்லை. திருத்தம் அடுத்த வெளியீட்டில் வரும். எந்த `treeID`, எந்தப் பத்தி, ஏன் மாறியது என்று `CHANGES.txt` சொல்லும். வெளியான கோப்புறையைப் பிறகு தொடக்கூடாது. பெற்றவர் அதற்குள் நின்று

```
sha256sum -c SHA256SUMS
```

என்று இயக்கினால், பதிவிறக்கத்தில் பாதியில் அறுந்த கோப்போ எக்செலில் திறந்து தவறிச் சேமித்த கோப்போ `FAILED` என்று காட்டிக்கொடுக்கும். திருத்தம் சரியா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. கோப்பு வெளியிட்டபடியே வந்ததா என்பதை மட்டும் சொல்லும்.